பலூனுக்குள் அடங்காத தமிழ்

1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக ‘இரும்புக்கை மாயாவி’ வந்தது. ‘வேலியன்ட்’ என்ற பிரிட்டிஷ் வார இதழில் 1962 முதல் வெளிவந்த தொடர் அது. படங்களை வரைந்தவர் ஸ்பெயின் ஓவியர் ஜெசூஸ் பிளாஸ்கோ. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து சிவகாசியிலிருந்தே லயன் காமிக்ஸும் வந்தது. இத்தாலியின் டெக்ஸ் வில்லர், பெல்ஜியத்தின் லக்கி லூக் என்று பல நாயகர்கள் தமிழ் பேசத் தொடங்கினார்கள். அவர்கள் பேசுவதற்கென்று படத்தில் விடப்பட்டிருந்த வெள்ளை இடம் மட்டும் மாறவில்லை. இத்தாலியச் சொற்களுக்கும் ஆங்கிலச் சொற்களுக்கும் அளவெடுத்து வரைந்த பலூன்களில்தான் தமிழ் வசனம் உட்கார வேண்டும்.

உட்கார மறுக்கிறது என்பதுதான் சிக்கல். தமிழ் நீளமான மொழி என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் பல வாக்கியங்களில் தமிழுக்குச் சொற்கள் குறைவாகவே போதும். ஆங்கிலம் நான்கு சொல்லில் சொல்வதைத் தமிழ் ஒரே வினைமுற்றில் முடித்துவிடும். ஆனால் அந்த ஒற்றைச் சொல்லின் அகலம்தான் பலூனின் அகலத்தைத் தாண்டிவிடுகிறது. வாக்கியம் நீண்டால் இன்னொரு வரி போட்டுக்கொள்ளலாம். சொல் நீண்டால் என்ன செய்வது?

பலூனின் வடிவமும் கைகொடுப்பதில்லை. பெரும்பாலான பலூன்கள் முட்டை வடிவம். அத்தகைய வளையத்துக்குள் எவ்வளவு பெரிய செவ்வகத்தைப் பொருத்தினாலும் மொத்தப் பரப்பில் நூற்றுக்கு 64 பங்குக்கு மேல் நிரப்ப முடியாது, அது கணிதம். அதனால் வசனத்தைச் செங்கல் அடுக்குவதுபோல் ஒரே நீள வரிகளாக அடுக்கினால் மூலைகள் கோட்டில் முட்டும், மேலும் கீழும் இடம் வீணாகும். மேல்வரி சிறியதாக, நடுவரி பெரியதாக, கடைசி வரி மறுபடி சிறியதாக வர வேண்டும். ஆங்கிலத்தில் இது எளிது. இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சொற்கள் நிறைய இருப்பதால் எந்த வரியையும் நினைத்த நீளத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். தமிழ் வாக்கியத்திலோ ஆகக் கனமான சொல் வினைமுற்று. அது வந்து நிற்கும் இடம் வாக்கியத்தின் கடைசி, அதாவது பலூன் குறுகும் அடிப்பகுதி.

ஒரு பலூனை எடுத்துப் பார்க்கலாம். கௌபாய் கதை. வழிகாட்டி ஒருவன் நாயகனை எச்சரிக்கிறான். எதிரிகள் ஆற்றின் மறுகரையில் காத்திருக்கிறார்கள் என்பது செய்தி. ஆங்கிலப் பலூனில் நான்கு வரிகள் இருக்கின்றன. தமிழில் அதன் நடுவரிக்குச் சுமார் 10 எழுத்து கொள்ளும், மேலும் கீழும் 6 எழுத்து. முதலில் வரும் மொழிபெயர்ப்பு இது:

“ஜாக்கிரதை! அவர்கள் ஆற்றுக்கு அப்பால் நமக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்கள்!”

கடைசிச் சொல்லுக்கு மட்டும் 14 எழுத்து. எந்த வரியிலும் அது நிற்காது. இங்கே அவசரக்காரர் கை வைக்கும் இடம் எழுத்தின் அளவு. மவுஸை இரண்டு முறை தட்டினால் எல்லாம் உள்ளே போய்விடும். அடுத்த பலூனைப் படிக்கும்போதுதான் கெடுதல் தெரியும். சித்திரக்கதையில் எழுத்தின் அளவுதான் குரலின் அளவு. கத்தினால் பெரிய எழுத்து, முணுமுணுத்தால் பெரிய பலூனுக்குள் சின்ன எழுத்து என்று வாசகர் கண் பழகியிருக்கிறது. எச்சரிக்கை வசனம் பக்கத்துப் பலூனைவிடச் சிறிதாக இருந்தால், உயிர் போகிற நேரத்தில் வழிகாட்டி கிசுகிசுப்பதாகத்தான் படிப்பவர் காதில் விழும். எனவே ஒரு புத்தகத்துக்கு ஓர் அளவை முடிவு செய்துகொண்டு, அதைக் கடைசிவரை தொடாமல் இருப்பதே சரியான முறை. குறைக்க வேண்டியது வாக்கியத்தைத்தான்.

‘அவர்கள்’ முதலில் போகலாம். வினைமுற்றின் விகுதியே ஆள் யார் என்று சொல்லிவிடுகிறது. அடுத்து, ‘காத்துக்கொண்டிருக்கிறார்கள்’ என்பதைக் ‘காத்திருக்கிறார்கள்’ ஆக்கினால் 14 எழுத்து 10 ஆகிவிடும், பொருளில் எதுவும் குறையாது. ‘நமக்காக’ என்பதும் தேவையில்லை. துப்பாக்கியோடு பதுங்கியிருப்பவர்கள் வேறு யாருக்காகக் காத்திருப்பார்கள்? ‘ஆற்றுக்கு அப்பால்’ என்ற இரண்டு சொல் ‘அக்கரையில்’ என்ற ஒரு சொல்லாகச் சுருங்கும். ஆறுதான் படத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறதே. மிஞ்சுவது மூன்று சொல். கனமான வினைமுற்று இன்னும் அடியில்தான் இருக்கிறது. பேச்சுத் தமிழ் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. பதற்றத்தில் பேசும்போது வினையை முதலில் சொல்லிவிட்டு இடத்தைப் பின்னால் சேர்ப்பது நம் எல்லோருக்கும் வழக்கம்.

“ஜாக்கிரதை!
காத்திருக்கிறார்கள்,
அக்கரையில்!”

5 எழுத்து, 10 எழுத்து, 6 எழுத்து. பலூனின் வடிவத்துக்கு இது அப்படியே பொருந்துகிறது. நான்கு வரி மூன்றாகிவிட்டதால் வரிகளுக்கிடையே காற்றும் கிடைக்கிறது. முதல் வடிவத்தைவிட இது பேச்சுக்கும் நெருக்கமாக இருக்கிறது. முழுக்கப் பேச்சு வழக்குக்கே போனால் ‘காத்திருக்காங்க’ என்று 8 எழுத்தில் முடியும். ஆனால் அது இடத்துக்காக எடுக்கும் முடிவாக இருக்கக்கூடாது. ஒரு பக்கத்தில் ‘இருக்கிறார்கள்’ என்றும் மறுபக்கத்தில் ‘இருக்காங்க’ என்றும் ஒரே ஆள் பேசினால் அவன் யார் என்பதே குழம்பிவிடும். யார் எந்த நடையில் பேசுவார் என்பதைக் கதையின் தொடக்கத்திலேயே தீர்மானித்துவிட வேண்டும்.

இப்படிச் சுருக்குவதற்கு மொழிபெயர்ப்பாளர் முன்னால் பக்கம் இருந்தாக வேண்டும். வசனங்களை மட்டும் வரிசையாகத் தட்டிக் கொடுத்துவிட்டு, படத்தில் பொருத்துவதை டிடிபி செய்பவர் தலையில் போட்டால், எந்தச் சொல்லைப் படமே சொல்லிவிட்டது என்று இருவரில் ஒருவருக்கும் தெரியாது. படம் கண்முன் இருந்தால் இன்னொரு வசதியும் உண்டு. ஒருவர் இரண்டு பலூனில் பேசும்போது ஒன்று நெரிசலாகவும் மற்றது காலியாகவும் இருந்தால், ஒரு சொற்றொடரை அங்கிருந்து இங்கே மாற்றிவிடலாம். அடுத்த கட்டத்துக்கு மாற்றுவது மட்டும் ஆபத்து. ரகசியம் ஒரு கட்டம் முன்னதாகவே வெளியாகிவிடும்.

எவ்வளவு செதுக்கினாலும் சில சொற்கள் உடைபடத்தான் செய்யும். சொல்லை உடைப்பதில் தமிழுக்கு ஆங்கிலத்தைவிடச் சுதந்திரம் அதிகம். இடைக்கோடு போடாமலே அடுத்த வரிக்குப் போவது நம் நாளிதழ்களில் நெடுநாள் வழக்கம். ஆனால் எங்கே உடைப்பது என்பதில் விதி உண்டு. புள்ளி வைத்த எழுத்து வரியின் தொடக்கத்தில் வரக்கூடாது. ‘காத்திருக்’ என்று மேல்வரியிலும் ‘கிறார்கள்’ என்று கீழ்வரியிலும் பிரித்தால் ஒவ்வொன்றும் 5 எழுத்து, படிப்பதும் தடையில்லை. ‘காத்திரு’ என்று நிறுத்திவிட்டு ‘க்கிறார்கள்’ என்று தொடங்கினால் நாக்கு இடறும். குறுகிய, உயரமான பலூன்களில் இந்தக் கணக்கு அடிக்கடி தேவைப்படும். ஜப்பானிய மங்காவில் அப்படிப்பட்டவை ஏராளம், ஏனென்றால் அங்கே எழுத்து மேலிருந்து கீழாக ஓடுகிறது.

அகலத்தைச் சமாளித்த பிறகு உயரம் மிச்சமிருக்கிறது. ஆங்கில காமிக்ஸ்களில் வசனம் பெரும்பாலும் பெரிய எழுத்துகளிலேயே இருக்கும். எல்லாம் ஒரே உயரம், கோட்டுக்குக் கீழே எதுவும் தொங்காது. அதனால் வரிகளை நெருக்கி அடுக்கலாம். தமிழில் மேலே புள்ளியும் இகர ஈகார விலங்குகளும் நிற்கின்றன, கீழே உகர ஊகாரச் சுழிகள் தொங்குகின்றன. ஆங்கிலப் பக்கத்தின் வரி இடைவெளியை அப்படியே வைத்துக்கொண்டால் மேல்வரியின் ‘மூ’வின் வால் கீழ்வரியின் புள்ளியில் போய் இடிக்கும். புள்ளி மறைந்தால் ‘பல்’ ‘பல’ ஆகிவிடும். ஆகவே எத்தனை வரி கொள்ளும் என்பதை மூலத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், தமிழ் எழுத்துருவில் ஒரு வரியைப் போட்டு அளந்தே முடிவு செய்ய வேண்டும்.

தடித்த எழுத்தும் இடத்தைத் தின்னும். அமெரிக்கக் கதைகளில் வாக்கியத்துக்கு ஒரு சொல்லாவது அழுத்தம் காட்டத் தடிமனாக இருக்கும். தமிழில் அந்த வேலையை ‘தான்’ என்ற சொல்லும் ஏகாரமும் செய்துவிடுகின்றன. ‘நீதான்’ என்று எழுதிய பிறகு அதைத் தடிமனாக்குவது இரட்டைச் செலவு. தடித்த எழுத்தை உண்மையான கூச்சலுக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

எல்லாம் செய்தும் இடம் போதவில்லை என்றால் பலூனையே பெரிதாக்கலாமா? செய்கிறார்கள், அளவோடு. வெளிநாட்டுப் பதிப்பாளர்களிடமிருந்து வரும் கோப்புகளில் வசனம் தனி அடுக்காக இருப்பது வழக்கம். ஐரோப்பாவில் பல மொழிப் பதிப்புகளை ஒன்றாக அச்சிடும்போது வண்ணத் தகடுகளை அப்படியே வைத்துக்கொண்டு, எழுத்து இருக்கும் கறுப்புத் தகட்டை மட்டும் மொழிக்கு மொழி மாற்றும் பழக்கம் இருந்திருக்கிறது. எழுத்தை நீக்குவது எளிது. பலூனின் கோட்டை நகர்த்தினால் அதன் பின்னால் இருக்கும் வானமோ மரமோ சுவரோ மறைந்துபோகும். கட்டத்தின் விளிம்பை ஒட்டி நிற்கும் பலூன் என்றால் பிழைத்தோம்: கோட்டை விளிம்போடு சேர்த்துத் திறந்துவிட்டால், யார் முகமும் மறையாமல் ஒரு பக்கம் இடம் கிடைக்கும். வால் எந்த வாயை நோக்கி நீள்கிறது என்பது மட்டும் மாறக்கூடாது. படத்தை மறைக்கும் மாற்றத்துக்கு உரிமையாளரின் சம்மதம் வேண்டும், ஓவியரின் உழைப்பு அது.

கணினித் திரையில் இவையெல்லாம் அழகாகத்தான் தெரியும். பக்கத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே வேலை செய்வதால் வரும் மயக்கம் அது. அதனால் புத்தகம் எந்த அளவில் வரப்போகிறதோ அதே அளவில், முடிந்தால் அதே தாளில், ஒரு பக்கத்தை அச்செடுத்துப் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டிய எழுத்துகள் ‘ண’வும் ‘ன’வும். இரண்டுக்கும் வேறுபாடு ஒரே ஒரு சுழி. மட்டமான தாளில் மை பரவும்போது முதலில் அடைபடுவது அந்தச் சுழிதான். பிறகு புள்ளிகளை எண்ண வேண்டும். கடைசியாக, பலூனின் கோட்டுக்கும் எழுத்துக்கும் நடுவே சுற்றிலும் ஓர் எழுத்தின் அகலமாவது வெள்ளையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் வசனத்தில் இன்னும் ஒரு சொல் அதிகம் இருக்கிறது என்று பொருள். பக்கம் மறுபடி மொழிபெயர்ப்பாளர் மேசைக்குப் போகும்.