ஆன்லைன் வகுப்புக்கு ஏற்ற இயர்பட்ஸ்



பிள்ளையின் ஆன்லைன் வகுப்புக்கு இயர்பட்ஸ் வாங்கப் போகிறீர்களா? பெட்டியில் 30 மணி நேரம் என்று போட்டிருந்தால், அது பெரும்பாலும் சார்ஜிங் கேஸையும் சேர்த்த கணக்கு. காதில் மாட்டினால் ஒரே சார்ஜில் 6 மணி நேரம் பாட்டு கேட்கலாம் என்றால், மைக்கில் பேசும்போது 4 மணி நேரமே தாங்கக்கூடும். அதனால் 'டாக் டைம்' எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். மதியச் சாப்பாட்டு வேளையில் கேஸில் வைத்தால் மாலை வகுப்புக்கும் தாங்கும்.

அடுத்து மைக். மின்விசிறியை ஓடவிட்டு, உங்கள் குரலை ஒரு நிமிடம் பதிவுசெய்து கேளுங்கள். விசிறி இரைச்சலில் சொற்கள் அமுங்கினால் அந்த இயர்பட்ஸ் வேண்டாம். அதைவிட, வாயருகே மைக் நீளும் ஒயர் ஹெட்செட் மேல். அதற்கு சார்ஜ் கவலையும் இல்லை.

கடைசியாகப் பொருத்தம். கூடவே தரும் ரப்பர் முனைகளை மாற்றி மாட்டி, மெல்லுவதுபோல் வாயை அசைத்துப் பாருங்கள். நழுவினால் பெரிய முனை, வலித்தால் சிறியது. சரியாகப் பொருந்தினால் வெளிச்சத்தம் குறையும். ஒலியைக் கூட்டிவைத்துக் காதை வருத்த வேண்டியிருக்காது.