கண்ணுக்குள் தெரிந்த ரயில் நிலையம்

பள்ளிகளில் புகைப்படப் பகிர்வு பற்றிப் பேசப் போகும்போது, நான் விஷயத்துக்கு வருவதற்கு முன்பே பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்துவிடும்: "லொகேஷன் ஆஃப்லதான் சார் இருக்கு." பத்தாம் வகுப்பானாலும் பன்னிரண்டானாலும் இதுதான் பதில். அதை அணைத்து வைத்திருப்பது நல்ல காரியம். ஆனால் அதனால் அடைபடுவது ஒரே ஒரு வழி. அது எந்த வழி, திறந்து கிடப்பவை எவை என்பதைத்தான் மாணவர்களிடம் பேசுகிறேன். இங்கே எழுதுவதும் அதையே.

போனில் படம் எடுக்கும்போது படத்தோடு ஒரு சிறு குறிப்பும் சேர்ந்தே பதிவாகிறது. எக்ஸிஃப் என்று அதற்குப் பெயர். எந்த மாடல் போன், என்ன தேதி, எத்தனை மணி என்பதெல்லாம் அதில் இருக்கும். கேமராவுக்கு லொகேஷன் அனுமதி கொடுத்திருந்தால், நின்ற இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இருக்கும். அந்த எண்ணில் தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கங்கள் இருந்தாலே போதும், சுமார் 11 மீட்டர் அளவுக்கு இடத்தைச் சொல்லிவிடும். 2012 டிசம்பரில், கணினி வைரஸ் தடுப்பு மென்பொருளால் பெயர்பெற்ற ஜான் மெக்காஃபி, பெலிஸ் நாட்டுப் போலீசார் தேடிக்கொண்டிருந்த சமயத்தில் தலைமறைவாக இருந்தார். அவரோடு இருந்த பத்திரிகைக்காரர்களின் படம் ஒன்று இணையத்தில் வெளியானது. அந்தப் படத்துக்குள் இருந்த எக்ஸிஃப் குறிப்பு, அவர் பக்கத்து நாடான குவாத்தமாலாவில் எந்த இடத்தில் இருக்கிறார் என்பதைக் காட்டிக்கொடுத்தது. கணினிப் பாதுகாப்பையே தொழிலாகக் கொண்டிருந்தவரும் அதைக் கவனிக்கவில்லை.

இன்று இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்றவை நீங்கள் பதிவேற்றும் படத்திலிருந்து இந்தக் குறிப்பை நீக்கிவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் காட்டுகின்றன. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்திலும் அது இருக்காது. ஆனால் "கிளாரிட்டி குறையுது" என்று அதே படத்தை டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். மின்னஞ்சலிலும் டிரைவ் லிங்கிலும் அப்படித்தான். ஆகவே கேமரா செட்டிங்கில் லொகேஷனை அணைத்து வையுங்கள். அதோடு அந்தப் பகுதி முடிந்தது. மாணவர்களுக்குத் தெரியாத பகுதி இனிதான் வருகிறது. எந்தச் செட்டிங்காலும் அணைக்க முடியாத தகவல், படத்துக்குள்ளேயே கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்கிறது.

2019இல் ஜப்பானில் நடந்ததைப் பாருங்கள். டோக்கியோவில் இளம் பாடகி ஒருவர் தன் செல்ஃபிகளைச் சமூக வலைத்தளத்தில் போட்டுவந்தார். வீட்டு முகவரியை எங்கும் எழுதவில்லை. அவருடைய ரசிகன் என்று சொல்லிக்கொண்ட 26 வயது ஆள் ஒருவன் அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறான். கண்ணின் கருவிழி, வெளிப்புறம் வளைந்த கண்ணாடி போன்றது. எதிரே இருப்பதெல்லாம் அதில் சிறிதாகப் பிரதிபலிக்கும். அவர் வெளியே நின்று எடுத்த செல்ஃபியில், எதிரே இருந்த ரயில் நிலையத்தின் தோற்றம் விழியில் விழுந்திருந்தது. அதைக் கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் ஒப்பிட்டு நிலையத்தைக் கண்டுபிடித்தான். அங்கே போய்க் காத்திருந்து, அவர் வந்ததும் பின்தொடர்ந்து போய், வீட்டு வாசலில் தாக்கினான். கைதான பிறகு அவன் போலீசாரிடம் சொன்னதில் இன்னொன்றும் இருந்தது. அவர் வீட்டுக்குள் எடுத்த வீடியோக்களில் திரைச்சீலை எங்கே இருக்கிறது, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதையும் அவன் கவனித்திருந்தான். அடுக்குமாடியில் அவருடைய வீடு எது என்று ஊகிக்கத்தான்.

இதைக் கேட்டதும் எல்லாரும் கண்ணையே பிடித்துக்கொள்கிறார்கள். "அப்போ கண்ணாடி போட்டுக்கிட்டு எடுத்தா?" என்று கேட்பார்கள். கறுப்புக் கண்ணாடியில் பிரதிபிம்பம் இன்னும் பெரிதாக விழும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். விழியிலிருந்து இடத்தைப் படிப்பது எப்போதும் நடக்கிற காரியமில்லை. முகம் மிக அருகில் இருக்க வேண்டும், நல்ல வெளிச்சம் வேண்டும், படம் சுருக்கப்படாமல் இருக்க வேண்டும். அன்றாடம் நடப்பது அதைவிட எளிமையானது. பின்னணியில் தெரியும் சாதாரணப் பொருள்களே போதும்.

இதைக் காட்ட வகுப்பில் ஒரு கற்பனைக் கணக்கைப் பயன்படுத்துகிறேன். அந்தப் பெண்ணுக்குக் கயல் என்று பெயர் வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பு. கணக்கின் பெயர் kayal_2010. முகப்பில் ஊரும் இல்லை, பள்ளியும் இல்லை. நான்கு படங்கள் மட்டும் இருக்கின்றன.

முதல் படம் பிறந்தநாள். கேக்குக்குப் பின்னால் அப்பாவின் ஸ்கூட்டர் நிற்கிறது. நம்பர் பிளேட்டில் பாதி மறைந்திருக்கிறது. TN 59 மட்டும் தெரிகிறது. அது மதுரை வடக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் எண். வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தவர்களிடமும் அந்த வண்டி இருக்கலாம் என்பதால் இது ஊகம்தான். ஆனால் தமிழ்நாடு முழுவதையும் தேட வேண்டிய வேலை இப்போது ஒரு நகரத்துக்குச் சுருங்கிவிட்டது. கேக்கில் 15 என்று மெழுகுவத்தி. கணக்கின் பெயரில் ஆண்டு. படம் போட்ட தேதியோடு சேர்த்தால் முழுப் பிறந்த தேதியும் கிடைத்துவிட்டது.

இரண்டாவது படம் மொட்டைமாடியில் சூரிய அஸ்தமனம். மாணவர்கள் எல்லாரும் இதுதான் பாதுகாப்பான படம் என்பார்கள், முகமே இல்லையே என்று. நான்கில் மிக அதிகமாகப் பேசுவது இந்தப் படம்தான். தூரத்தில் ஒரு தேவாலயக் கோபுரம் தெரிகிறது. அதற்கு நேர் பின்னால் ஒரு மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி. சூரியன் மறைவதால் அது மேற்குப் பக்கம். படம் டிசம்பரில் போடப்பட்டதால், சூரியன் நேர் மேற்கிலிருந்து ஏறக்குறைய 23 பாகை தெற்கே தள்ளி மறைந்திருக்கும். சூரியன் இல்லாவிட்டால்கூடப் பக்கத்து மாடியின் டிஷ் ஆண்டெனா திசையைச் சொல்லும். செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே நமக்குக் கிழக்கே நிற்பதால், நம்மூர் டிஷ்கள் தெற்குக்கும் கிழக்குக்கும் இடைப்பட்ட பக்கத்தையே பார்த்திருக்கும்.

இப்போது செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து, அந்த வட்டாரத்தில் கோபுரமும் தொட்டியும் இந்தத் திசையில் அடுத்தடுத்து வரும் இடத்தைத் தேடுகிறோம். கிடைத்ததும் தொட்டியிலிருந்து கோபுரம் வழியாக ஒரு நேர்க்கோடு இழுத்து, கிழக்கே நீட்டுகிறோம். ஒன்றுக்கு நேர் பின்னால் மற்றொன்று தெரிய வேண்டுமானால், படம் எடுத்தவர் அந்தக் கோட்டின் மேல்தான் நின்றிருக்க வேண்டும். படத்தின் வலப்பக்கம் ஒரு செல்போன் டவரும் அதன் பின்னால் ஒரு கல்யாண மண்டபத்தின் கூரையும் இதேபோல ஒரே வரிசையில் இருக்கின்றன. அங்கிருந்தும் ஒரு கோடு. இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் கயலின் மொட்டைமாடி. ஓரிரண்டு வீடு முன்பின் தவறலாம். அதைச் சரிசெய்துகொள்ளத் தெருவின் படங்கள் இருக்கின்றன. 2022 ஜூலையில் சென்னை உட்பட 10 இந்திய நகரங்களில் தொடங்கிய ஸ்ட்ரீட் வியூ இருக்கிறது. ஹோட்டலுக்கும் கடைக்கும் மதிப்புரை எழுதுகிறவர்கள் போடும் படங்களும் இருக்கின்றன.

மூன்றாவது படம் வகுப்புத் தோழிகளோடு. ஐடி கார்டைத் திருப்பி வைத்திருக்கிறார்கள், அந்த அளவுக்குக் கவனம். ஆனால் டையின் கோடும் சீருடையின் நிறமும் தெரிகின்றன. அந்த மாடியைச் சுற்றி நாலைந்து பள்ளிகள் இருந்தால், ஒவ்வொரு பள்ளியின் ஆண்டுவிழாப் படத்தையும் பார்த்து எது என்று சொல்லிவிடலாம்.

நான்காவது படத்தைத்தான் நான் அதிக நேரம் திரையில் வைத்திருப்பேன். பேக்கரி வாசலில் நின்று எடுத்த செல்ஃபி. கையில் எக் பஃப்ஸ். "டியூஷனுக்கு முன்னாடி" என்று ஒரு வரி. கடைப் பலகையின் அடியில் பகுதியின் பெயரும் போன் நம்பரும் எழுதியிருப்பது நம் ஊர் வழக்கம். செல்ஃபியில் எழுத்து இடவலம் மாறித் தெரிந்தால் அதைத் திருப்பிப் பார்க்க ஒரு நொடி ஆகாது. கயல் இதே மாதிரி படத்தைச் செவ்வாயும் வியாழனும் ஐந்தேகாலுக்கு ஸ்டோரியில் போடுகிறாள். வீடு எது என்று ஒருவனுக்குத் தெரிவதைவிட இது எனக்கு அதிகக் கவலை தருகிறது. வீட்டில் அம்மாவும் பாட்டியும் இருப்பார்கள், பக்கத்து வீட்டில் ஆள் இருக்கும். ஐந்தேகாலுக்கு பேக்கரி வாசலில் அவள் தனியாக நிற்கிறாள். ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பது இங்கே உதவாது. பழக்கம் ஒன்று என்று புரிய இரண்டு மூன்று வாரம் பார்த்தால் போதும்.

"நான் பிரைவேட்லதான் வெச்சிருக்கேன்" என்பது அடுத்த பதில். நல்லது, அப்படியே வைத்திருங்கள். 2024லிருந்து இன்ஸ்டாகிராம் பதின்வயதினரின் கணக்குகளைத் தானாகவே பிரைவேட்டாக்கும் ஏற்பாட்டை நாடு நாடாகக் கொண்டுவந்தது. ஆனால் சேரும்போது வயதைக் கூட்டிச் சொன்னவர்களுக்கு அது பொருந்தாது. அப்படிச் சொன்னவர்கள் கையைத் தூக்குங்கள் என்றால் பாதி வகுப்பு சிரிக்கும். அதோடு, முகம் தெரியாதவர்களும் ஃபாலோயராக இருந்தால் பிரைவேட் என்பதற்குப் பொருளில்லை. தோழியின் கணக்கு திறந்திருந்து அவள் உங்களை டேக் செய்தாலும் அப்படியே. நம் வீடுகளில் இன்னொரு பெரிய கசிவு ஃபிளெக்ஸ் பேனர். மஞ்சள் நீராட்டு விழாவுக்கு வைத்த பேனரில் பெண்ணின் முழுப் பெயர், தாத்தா பெயர், அப்பா அம்மா பெயர், மண்டபம், தேதி எல்லாம் இருக்கும். அதன் முன்னால் நின்று மாமா எடுத்த படம் மாமாவின் பக்கத்தில் எல்லாரும் பார்க்கும்படி கிடக்கும்.

இதற்காகப் படம் போடுவதையே விட்டுவிடச் சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. நான் வலியுறுத்துவது முக்கியமாக ஒரு பழக்கத்தை: இருக்கும் இடத்திலிருந்து கிளம்பிய பிறகு போடுங்கள். அங்கே நீங்கள் இல்லாதபோது அந்தப் படத்தை வைத்து யாரும் அங்கே உங்களைப் பிடிக்க முடியாது. ஆனால் தினமும் போகிற இடத்துக்கு இது போதாது. பேக்கரி, பஸ் ஸ்டாப், டியூஷன் வாசல், வீட்டு மாடி ஆகியவை பின்னணியில் வரவே வேண்டாம். சுவரைப் பார்த்துத் திரும்பி எடுங்கள். வெறும் சுவர் முன்னால் எடுத்த படத்திலிருந்து இடத்தைக் கண்டுபிடிப்பது அனுபவசாலிகளுக்கும் கடினம். ஸ்னாப்சாட் வரைபடத்தில் கோஸ்ட் மோடைப் போட்டுவையுங்கள். பிறகு, உங்களைத் தொடராத ஒருவரின் போனில் உங்கள் பெயரைத் தேடி, என்னென்ன கிடைக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். விளையாட்டிலும் யூட்யூபிலும் அதே பெயரை வைத்திருந்தால் அவையும் வந்து நிற்கும்.

யாரோ ஒருவர் இதையெல்லாம் செய்துகொண்டிருக்கிறார் என்பதற்கு அடையாளம் பெரும்பாலும் ஒரு சின்னக் குறுஞ்செய்தியாகத்தான் வரும். "இன்னைக்கு ஏன் வேற பேக்?" என்று. அறியாத கணக்கு, நீங்கள் எங்கும் எழுதாத விவரம். அதற்குப் பதில் அனுப்ப வேண்டாம். உடனே பிளாக்கும் செய்ய வேண்டாம். முதலில் செய்தி, கணக்கின் பெயர், தேதி எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பிறகு பிளாக் செய்யுங்கள். அன்றைக்கே வீட்டில் அல்லது நம்புகிற ஆசிரியரிடம் சொல்லுங்கள்; சில நாளைக்குத் தனியாகப் போகாதீர்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. cybercrime.gov.in தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாருக்குத் தனிப்பகுதி இருக்கிறது. நேரில் பின்தொடர்ந்தால் 112.

இந்தப் பேச்சுக்குப் பிறகு பிள்ளைகள் தனியாக வந்து கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "வீட்ல சொன்னா போனைப் பிடுங்கிடுவாங்களே?" ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை இப்படி ஒரு செய்தியைக் கொண்டுவந்து காட்டினால், கோபத்தில் கணக்கை அழித்துவிடாதீர்கள், போனை ரீசெட் செய்துவிடாதீர்கள். போலீசாருக்குத் தேவைப்படும் ஆதாரம் அதற்குள்தான் இருக்கிறது. அடுத்த செய்தி வந்தாலும் பிள்ளை உங்களிடம்தான் கொண்டுவர வேண்டும்.