சர்க்கரையைக் குறைத்தால் கேக் ஏன் வறள்கிறது?

கேக்கில் சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை. அது தண்ணீரைப் பிடித்து வைத்து ஈரம் காக்கிறது. மைதாவின் பசைத்தன்மை இறுகாமல் தடுத்து மென்மை தருகிறது. வெண்ணெயோடு அடிக்கும்போது காற்றை உள்ளே சேர்க்கிறது. சூட்டில் மேற்புறத்தைச் சிவக்க வைப்பதும் அதுதான். அதனால் சர்க்கரையைக் குறைத்தால் இந்த வேலைகளுக்கு வேறு ஆள் தேட வேண்டும்.

மைதா, வெண்ணெய், சர்க்கரை தலா 200 கிராம், நான்கு முட்டை சேர்த்துச் செய்யும் வெண்ணெய் கேக்கை எடுத்துக்கொள்வோம். சர்க்கரையை 150 கிராமாகக் குறைக்கலாம். அதிலும் 30 கிராமுக்குப் பதில் தேன் சேர்த்தால் ஈரம் நிற்கும், நிறமும் சீக்கிரம் ஏறும். ஒரு மேசைக்கரண்டி பால் பவுடர் சேர்த்தால் மேற்புறம் இன்னும் நன்றாகச் சிவக்கும். மாவு கெட்டியாகத் தெரிந்தால் கொஞ்சம் பால் விடலாம். மைதா போட்ட பிறகு அதிகம் கலக்கக் கூடாது. கலந்தால் கேக் ரப்பர் போல ஆகிவிடும்.

சர்க்கரை குறைந்த கேக் சீக்கிரமே வெந்துவிடும். நிறத்துக்காகக் காத்திருந்தால் உள்ளே வறண்டுவிடும். வழக்கத்தைவிட ஐந்து நிமிடம் முன்பே குச்சியால் குத்திப் பாருங்கள்.

குக்கீயில் சர்க்கரைதான் உருகி மாவைப் பரப்புகிறது. குறைத்தால் உருண்டை உருண்டையாகவே நிற்கும். அடுப்பில் வைக்கும் முன் கையால் தட்டையாக்கிவிடுங்கள். மொறுமொறுப்பும் சற்றுக் குறையும்.

எதிலும் முதலில் கால் பங்கோடு நிறுத்துங்கள். பாதிக்கு மேல் குறைத்தால் கிடைப்பது கேக் அல்ல, இனிப்பு ரொட்டிதான்.