Ctrl அழுத்தியது யாருக்குத் தெரியும்?

எக்செல்லில் வரிசை எண் போடுவது எப்படி என்று ஒருவர் வீடியோ எடுக்கிறார். A1 கட்டத்தில் 1 என்று அடிக்கிறார். அந்தக் கட்டத்தின் வலது கீழ் மூலையில் இருக்கும் சின்னப் புள்ளியை மவுஸால் பிடித்து A10 வரை இழுத்து விடுகிறார். 1, 2, 3 என்று பத்து வரை வந்துவிடுகிறது. வீடியோவைப் பார்த்தவர் தன் கணினியில் அதையே செய்கிறார். பத்து கட்டத்திலும் 1 மட்டுமே வருகிறது.

விஷயம் இடது கையில் இருக்கிறது. வீடியோ எடுத்தவர் இழுக்கும்போது Ctrl விசையை அழுத்திப் பிடித்திருந்தார். பழகிய கை என்பதால் சொல்லத் தோன்றவில்லை. அதிலும் ஒரு நுட்பம் உண்டு: முதலில் மவுஸை விட வேண்டும், அதற்குப் பிறகுதான் Ctrl விசையை விட வேண்டும். மாற்றிச் செய்தால் மறுபடியும் பத்து ஒன்றுகள்தான். லிப்ரே ஆபீஸின் கால்க் மென்பொருளில் இது தலைகீழ். சும்மா இழுத்தாலே எண் ஏறும், Ctrl பிடித்தால் அதே எண் நகலாகும். இரண்டிலும் மாறி மாறி வேலை செய்கிறவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

திரைப்பதிவு மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. திரையில் வரையப்படும் படத்தை வினாடிக்கு 30 முறை எடுத்து வைப்பதுதான் அதன் வேலை. விரல் எந்த விசையை அமுக்கியது என்ற செய்தி நேராக எக்செல்லுக்குப் போகிறது. அது படமாக மாறாதவரை பதிவில் ஏறாது. மவுஸ் கிளிக்கும் அப்படியே. ஒரு கிளிக் சுமார் பத்தில் ஒரு வினாடி என்று வைத்துக்கொண்டால், அது மூன்று படங்களுக்குள் முடிந்துபோகிறது. அந்த மூன்றிலும் அம்புக்குறி ஒரே மாதிரிதான் இருக்கும். வேர்டில் ஃபார்மட் பெயின்டரை ஒருமுறை சொடுக்கினால் ஒரு இடத்துக்கு மட்டும் வடிவமைப்பை ஒட்டலாம். இருமுறை சொடுக்கினால் Esc அழுத்தும்வரை எத்தனை இடத்துக்கு வேண்டுமானாலும் ஒட்டிக்கொண்டே போகலாம். வீடியோவில் ஒன்றா, இரண்டா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆகவே இன்னொரு மென்பொருள் வேண்டியிருக்கிறது. விசைப்பலகையையும் மவுஸையும் பின்னணியில் கவனித்து, அழுத்தியதைத் திரையிலேயே எழுதிக் காட்ட வேண்டும். எழுதிவிட்டால் அதுவும் படம்தானே, பதிவாகிவிடும். மேக் கணினியில் திரைப்பதிவுக்கான அமைப்பிலேயே Show Mouse Clicks இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனின் திரைப்பதிவிலும் விரல் பட்ட இடத்தைப் புள்ளியாகக் காட்டச் சொல்லலாம். விண்டோஸில், மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் தொகுப்பில் Mouse Highlighter என்று ஒன்று உண்டு. Win+Shift+H அழுத்தினால் விழித்துக்கொள்ளும். இடது பொத்தானை அழுத்தினால் மஞ்சள் வட்டம், வலது பொத்தானுக்கு நீல வட்டம். பொத்தானை விட்ட பிறகும் வட்டம் சற்று நேரம் நின்று மறையும். அந்தச் சற்று நேரம்தான் பார்ப்பவர் கண்ணுக்கு அவகாசம். இழுக்கும்போது வட்டம் கூடவே போகும் என்பதால், பிடித்த இடமும் விட்ட இடமும் துல்லியமாகத் தெரியும். விசைகளுக்கு Carnac, KeyCastOW என்ற இரண்டும் விண்டோஸில் பலர் பயன்படுத்தும் இலவசக் கருவிகள். மேக்கில் KeyCastr.

நம் வரிசை எண் வீடியோவுக்கு இவற்றைப் பொருத்திப் பார்ப்போம். முதல் சிக்கல் பதிவு முறையில் வரும். ஓபிஎஸ் ஸ்டுடியோவில் Window Capture என்று எக்செல் ஜன்னலை மட்டும் தேர்ந்தெடுத்துப் பதிந்தால், நம் கண்ணுக்கு வட்டமும் தெரியும், Ctrl என்ற எழுத்தும் தெரியும். வீடியோவில் இரண்டும் இருக்காது. அவை எக்செல் ஜன்னலின் பகுதி அல்ல, அதன்மேல் மிதக்கும் வேறு ஜன்னல்கள். Display Capture வைத்து முழுத்திரையையும் எடுத்தால்தான் சேர்ந்து பதிவாகும்.

இரண்டாவது, Ctrl தனியாக. Ctrl+C போல இன்னொரு விசையும் சேர்ந்தால்தான் எழுதிக் காட்டும் கருவிகள் இருக்கின்றன. Ctrl விசையைப் பிடித்துக்கொண்டு மவுஸை இழுப்பது அவற்றின் கணக்கில் வராது. வேறு சில, அழுத்திய நொடியில் காட்டிவிட்டு இரண்டு வினாடியில் மறைத்துவிடும். விரல் இன்னும் எடுபடவில்லை என்பது தெரியாமல் போகும். பத்து வினாடி பதிந்து போட்டுப் பார்த்தால் நம் கருவி எந்த ரகம் என்று புரிந்துவிடும். சரிப்படாவிட்டால் எடிட்டிங்கில் கையால் 'Ctrl' என்று எழுதி, மவுஸ் வட்டம் மறைந்து அரை வினாடி கழித்து அந்த எழுத்து மறையும்படி வைப்பேன். எதை முதலில் விட வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

அழுத்தும் ஒவ்வொரு எழுத்தையும் காட்டுவது எனக்கு ஒப்பாத பழக்கம். கட்டத்தில் விழும் எழுத்து திரையிலேயே தெரிகிறபோது அதையே மூலையில் மறுபடி ஓடவிட்டால் கண் இரண்டு இடத்துக்கு அலையும். குறுக்குவிசைகளை மட்டும் காட்டும் அமைப்பைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. பாஸ்வேர்டு விஷயத்திலும் அது ஓரளவு காக்கும். பெட்டியில் கறுப்புப் புள்ளிகளாக மறைவது, மூலையில் கொட்டை எழுத்தில் அப்படியே ஓடக்கூடும். மேக் கணினி பாஸ்வேர்டு பெட்டியில் அடிப்பதை இத்தகைய கருவிகளின் காதுக்கு எட்டாமல் தடுத்துவிடுகிறது. விண்டோஸில் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். Carnac என்றால் Ctrl+Alt+P அழுத்தி வாயை மூடவைக்கலாம், அதையே மீண்டும் அழுத்தினால் பேசத் தொடங்கும்.

கருவி திடீரென்று ஊமையாகிவிட்டால், அப்போது முன்னால் இருக்கும் மென்பொருள் அட்மினிஸ்ட்ரேட்டராக இயங்குகிறதா என்று பாருங்கள். சாதாரண உரிமையில் ஓடும் மென்பொருள், அதிக உரிமையுள்ள ஜன்னலில் அடிப்பதை ஒட்டுக்கேட்க விண்டோஸ் விடாது. காட்டும் கருவியையும் அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால் வேலை நடக்கும். லினக்ஸில் வேலேண்ட் முறையில் இந்தத் தடை இன்னும் கடுமை. அங்கே பலர் பயன்படுத்தும் screenkey பழைய எக்ஸ்11 முறைக்காக எழுதப்பட்டது. வேலேண்டில் பல ஜன்னல்களில் அதற்கு எதுவும் கேட்காது.

எங்கே காட்டுவது? பெரும்பாலோர் கீழ் நடுவில் வைக்கிறார்கள். வசன வரி வந்து உட்காரும் இடமும் அதுதான். போனில் பார்ப்பவர் திரையைத் தொட்டதும் ஓட்டப் பட்டையும் அங்கேதான் எழும். பாடம் நடக்கும் இடத்தை மறைக்காத மேல் மூலை ஒன்று போதும். எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதைக் கணினியில் பார்த்து முடிவு செய்யாமல், பதிந்ததைப் போனுக்கு அனுப்பி, படுக்கை வசத்தில் திருப்பாமல் அப்படியே பார்த்து முடிவு செய்யலாம்.

எல்லா விசையையும் காட்டியே தீர வேண்டிய பாடம் ஒன்றும் இருக்கிறது: தமிழ்த் தட்டச்சு. தமிழ்99 விசைப்பலகையில் 'தமிழ்' என்று அடிக்க l, k, s, /, f என்ற ஐந்து விசைகள். l விசை த, k விசை ம, s விசை இ. இரண்டும் சேர்ந்து மி ஆகிறது. அடுத்து / விசை ழ, f புள்ளி. திரையில் எழுத்து மட்டும் தெரிந்தால் கற்பவருக்கு ஒன்றும் கிடைக்காது, விசையின் பெயர் தெரிய வேண்டும். குறுக்குவிசை மட்டும் என்ற அமைப்பை இங்கே அணைத்துவிட வேண்டும். சில கருவிகளில் அழுத்திய விசையைக் காட்டுவதா, அதனால் உருவான எழுத்தைக் காட்டுவதா என்று தேர்ந்தெடுக்கலாம். screenkey மென்பொருளில் அதை இப்படிச் சொல்ல வேண்டும்:

```
screenkey --key-mode raw
```

அப்போது மூலையில் விசைகள் வரும், பக்கத்தில் தமிழ் வரும். வேகத்தை மட்டும் குறைத்துக்கொள்ள வேண்டும். S விசை விழுவதும் ம மி ஆக மாறுவதும் தனித்தனியே கண்ணில் படும் வேகம் போதும்.