தீபாவளி டியூட்டி யாருக்கு?

ஞாயிற்றுக்கிழமை டியூட்டியைப் பங்கிடுவது அப்படியொன்றும் சிக்கலான வேலை அல்ல. 12 செவிலியர்கள் மாறி மாறி வேலை பார்க்கும் ஒரு பொது மருத்துவ வார்டை எடுத்துக்கொள்வோம். காலை 7 முதல் 1 மணி வரை மூன்று பேர், 1 முதல் 7 வரை இரண்டு பேர், இரவு 7 முதல் மறுநாள் காலை 7 வரை இரண்டு பேர். ஆக, ஒரு ஞாயிறுக்கு 7 பேர் வேண்டும். ஆண்டு முழுக்கக் கூட்டினால் 364 டியூட்டி. ஆளுக்குச் சுமார் 30 வரும். டியூட்டி லிஸ்ட் போடும் இன்சார்ஜ் சிஸ்டர் ஒரு நோட்டில் பெயருக்கு நேரே கோடு போட்டு வந்தால் போதும். யாருக்காவது கூடுதலாகப் போயிருந்தால் மூன்று மாதத்தில் தெரிந்துவிடும், அடுத்த மூன்று மாதத்தில் சரிசெய்துவிடலாம்.

பண்டிகைக்கு அந்த வசதி இல்லை. இந்தத் தீபாவளியில் விட்டதை ஈடுகட்ட அடுத்த தீபாவளி வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் இன்சார்ஜ் மாற்றலாகிப் போயிருப்பார். வார்டில் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் மனக்கசப்புகள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றன.

கணக்கு எங்கே பிசகுகிறது? தேதியை மட்டும் எண்ணுவதில்தான். 2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை இரவு டியூட்டிக்குப் போகிறவர் லிஸ்டின்படி 7ஆம் தேதி வேலை பார்த்தவர். பண்டிகை நாளில் அவருக்கு 'ஆஃப்'. ஆனால் விடியுமுன் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நேரத்தில் அவர் வார்டில் சர்க்கரை அளவு பார்த்துக்கொண்டிருப்பார். வீடு திரும்பும்போது காலை 8 மணி ஆகியிருக்கும், அதன்பின் தூக்கம்தான். கிறிஸ்துமஸுக்கும் இதே கதை. டிசம்பர் 25 விடுப்பு கொடுத்தாயிற்று என்பார்கள். நள்ளிரவு ஆராதனை நடக்கும் 24ஆம் தேதி இரவுக்கு அவரையே போட்டிருப்பார்கள்.

தமிழ்நாட்டில் இன்னொரு இடறலும் உண்டு. 2018 முதல் தீபாவளியன்று பட்டாசு வெடிக்க அரசு தரும் நேரம் காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை. வார்டில் ஆள் மாறுவதும் அதே 7 மணிக்குத்தான். காலை டியூட்டிக்காரர் 6 மணிக்கே வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். மதிய டியூட்டிக்காரர் நோயாளிகளை ஒப்படைத்துவிட்டு வீடு சேர்வதற்குள் 8 அடித்துவிடும். பிள்ளைகளுடன் மத்தாப்பு கொளுத்த நினைக்கும் தாய்க்கு, ஆறு மணி நேர டியூட்டி என்பது ஏட்டில்தான் ஆறு மணி நேரம்.

அதனால் தேதியை விட்டுவிட்டு, எந்த டியூட்டி பண்டிகையின் எந்தப் பகுதியைப் பறிக்கிறது என்று பார்த்து மதிப்பெண் போடுவது நல்லது. தீபாவளிக்கு முந்தைய இரவுக்கும் அன்றைய காலைக்கும் தலா 3, மதியத்துக்கும் இரவுக்கும் தலா 2 என்று வைத்துக்கொள்ளலாம். எண்களை வார்டே பேசி முடிவு செய்யட்டும். ஆனால் லிஸ்ட் போடுவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

இனி நம் வார்டின் தீபாவளியைப் போட்டுப் பார்ப்போம். 12 பேரில் ஏழு பேர் இந்துக்கள், நான்கு பேர் கிறிஸ்தவர்கள், ஒருவர் முஸ்லிம். ஏழு பேரில் மூவருக்கு ஊர் தொலைவில். பாதி நாள் கிடைத்தாலும் அவர்களுக்குப் பயனில்லை. சனி முதல் திங்கள் வரை சேர்ந்தாற்போல் கிடைத்தால்தான் ஊருக்குப் போய்வர முடியும். அவர்களை அனுப்பிவிட்டால் மிச்சம் ஒன்பது பேர். சனி இரவுக்கு இரண்டு, ஞாயிறு காலைக்கு மூன்று என ஐந்து இடங்களை இந்துக்கள் அல்லாத ஐவர் ஏற்கிறார்கள். வெள்ளி இரவு வேலை பார்த்த இருவரும் சனி மதியம் வேலை பார்த்த இருவரும் ஞாயிறு மதியத்தையும் இரவையும் பார்த்துக்கொள்கிறார்கள். இந்த நால்வருக்கும் விடியற்காலைக் குளியலும் காலைப் பலகாரமும் வீட்டில்தான். இரவு டியூட்டியைத் தொடர்ச்சியாகப் போடும் வழக்கத்தை அந்த வாரம் மட்டும் உடைக்க வேண்டியிருக்கும். கணக்கு சரியாக வருகிறது, ஆனால் மிச்சம் ஒரு ஆள்கூட இல்லை. வேறு யாருக்கும் அந்த மூன்று நாளில் விடுப்பு தர முடியாது என்பதை முன்கூட்டியே எழுதி ஒட்டிவிட வேண்டும்.

எப்போது ஒட்டுவது? மாத லிஸ்ட் போடும் வழக்கப்படி அக்டோபர் கடைசியில் ஒட்டினால், ஊருக்குப் போகிற மூவருக்கும் அது வெறும் காகிதம். 2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்பு தொடங்குகிறது. நவம்பர் 6 வெள்ளி இரவு ரயிலுக்கு செப்டம்பர் 7 காலையில் பதிவு திறக்கும். தீபாவளி நேரத்துத் தென்மாவட்ட ரயில்களில் இடம் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். ஆகவே பண்டிகை லிஸ்ட் மட்டும் ஆகஸ்ட் மாத முடிவுக்குள் தனியாக வர வேண்டும்.

"நீங்க தீபாவளியைப் பாருங்க, நாங்க கிறிஸ்துமஸைப் பார்த்துக்கிறோம்" என்பது நல்ல ஏற்பாடுதான். அதற்கும் எல்லை உண்டு. கிறிஸ்துமஸுக்கும் முந்தைய இரவோடு சேர்த்து ஒன்பது இடங்கள். கிறிஸ்தவர்கள் நால்வரையும் விட்டால் இருப்பது எட்டுப் பேர். 24ஆம் தேதி இரவு பார்த்த ஒருவர் 25 இரவும் வர வேண்டும், அல்லது நால்வரில் ஒருவர் அந்த இரவுக்கு ஒப்புக்கொள்ள வேண்டும். ரம்ஜான் பிறை தெரிவதைப் பொறுத்தது. முஸ்லிம் சகோதரிக்கு இரண்டு தேதிகளையும் காலியாக வைத்திருப்பதே முறை. ஒருவருக்குத்தான் என்பதால் அது கடினமும் அல்ல. பொங்கல் வந்தால் இந்த மாற்று ஏற்பாடு அடிபட்டுப் போகிறது. தொடர் விடுமுறையில் எல்லோருக்கும் ஊருக்குப் போக ஆசை. அங்கே நோட்டுப் புத்தகம் மட்டுமே நடுவர்: கணக்கில் குறைந்த மதிப்பெண் உள்ளவர் முதலில் டியூட்டிக்கு, கூடிய மதிப்பெண் உள்ளவர் முதலில் விடுப்புக்கு.

இந்த நோட்டில் இரண்டு ஓட்டைகள் விழும். புதிதாக வந்தவருக்குப் பூஜ்யத்தில் தொடங்கினால், மற்றவர்களை எட்டிப் பிடிக்கும் வரை எல்லாப் பண்டிகையும் அவர் தலையில்தான். ஓராண்டு மகப்பேறு விடுப்பு முடிந்து கைக்குழந்தையோடு திரும்புகிறவருக்கும் அதே கதி. வார்டின் அப்போதைய சராசரியை எழுதியே அவர்கள் கணக்கைத் தொடங்க வேண்டும். அடுத்தது, லிஸ்டில் போட்டதை எழுதுவதா, உண்மையில் வந்தவரை எழுதுவதா என்பது. தங்களுக்குள் டியூட்டி மாற்றிக்கொண்டால், வந்து வேலை பார்த்தவருக்குத்தான் மதிப்பெண்.

நோட்டில் இடம்பெறக் கூடாத ஒன்றும் இருக்கிறது. திருமணமாகாத பெண்ணிடம் "உனக்கென்ன, ஹாஸ்டலில் சும்மாதானே இருக்கப் போறே" என்று சொல்லி டியூட்டியைத் தள்ளுவது பல வார்டுகளில் சகஜம். தொகுப்பூதியத்தில் இருப்பவர் மறுத்துப் பேசமாட்டார் என்பதால் அவர் பெயரை முதலில் எழுதுவதும் அப்படித்தான். இரண்டுமே அநியாயம். ஹாஸ்டலில் இருக்கும் பெண்ணுக்கும் ஊரில் அம்மா காத்திருக்கிறாள். ஆண்டு முடிவில் மதிப்பெண்களை வரிசைப்படுத்தினால், மேலே நிற்கும் பெயர்கள் யாருடையவை என்பதிலிருந்தே இது நடக்கிறதா என்று தெரிந்துவிடும்.

பண்டிகைக் காலையில் ஒருவர் காய்ச்சல் என்று போன் செய்தால் என்ன செய்வது? மாற்று ஆள் யார் என்பதையும் லிஸ்டிலேயே எழுத வேண்டும். சுழற்சியில் இல்லாத இன்சார்ஜ் சிஸ்டர் தன் பெயரை முதலில் எழுதுவதே பொருத்தம். அவராலும் முடியாமல் வேறு யாரையாவது வீட்டிலிருந்து அழைக்க நேர்ந்தால், வந்தவருக்கு அந்த டியூட்டியின் மதிப்பெண்ணோடு இன்னொன்று கூட்டி எழுதலாம். காய்ச்சலில் இருந்தவருக்கு எதையும் கழிக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்.