வதந்தி பரவினால் முதல் நாளில் செய்ய வேண்டியவை

ஒரு கடையைப் பற்றிய பொய்த் தகவலை மறுக்க ஆய்வுகூட அறிக்கை வரும் வரை காத்திருக்கலாம் எனச் சில வர்த்தக சகோதரர்கள் நினைக்கின்றனர். அது எவ்வளவு ஆபத்தானது என்பதை 2018 பெப்ரவரி 26 ஆம் திகதி இரவு அம்பாறையில் நடந்த சம்பவம் காட்டியது.

அன்று ஒரு ஹோட்டலில் சாப்பிட வந்தவர்கள் கறியில் இருந்த கட்டியொன்றைக் காட்டி, அது கருத்தடை மாத்திரையா எனக் கேட்டனர். சிங்களம் சரியாகத் தெரியாத நிலையில் அங்கிருந்த நமது சகோதரர், போட்டதாக ஒப்புக்கொள்வது போன்ற பதிலைத் தடுமாறிச் சொல்லிவிட்டார். அது வீடியோவாகப் பரவியது. அன்றிரவே கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாக்கட்டி என அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் கூறியபோது மார்ச் மாதம் பிறந்துவிட்டது. உண்மை வென்றது, ஆனால் கடை அதற்கு முன்பே போய்விட்டது.

ஆகவே முதல் நாளில் நம் கையில் இருப்பது அறிக்கையல்ல, நமது நடவடிக்கையே. எனது கடையில் நான் வைத்திருக்கும் ஒழுங்கைச் சொல்கிறேன்.

முதலாவது, கெமராவுக்கு முன்னால் "ஆம்", "இல்லை" என எவரும் பதில் சொல்லக் கூடாது. "அபி மேக்க பொலிசியட்டத் பீ.எச்.ஐ. மஹத்தயாட்டத் பார தெமு", அதாவது இதனைப் பொலிஸாரிடமும் பொதுச் சுகாதார பரிசோதகரிடமும் ஒப்படைப்போம் என்ற ஒரே வசனத்தை ஊழியர்கள் அனைவரும் மனனம் செய்துள்ளனர். வெட்டி ஒட்டினாலும் இந்த வசனம் ஒப்புதல் வாக்குமூலமாக மாறாது.

இரண்டாவது, பயத்தில் அந்த உணவைக் கொட்டிவிடக் கூடாது. கொட்டினால் மறைத்ததாகவே பேசுவார்கள். தட்டை அப்படியே மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, பரிசோதகரை அழைக்க வேண்டும். பொலிஸில் முறைப்பாடு பதிந்து அதன் இலக்கத்தைப் பெற வேண்டும். சீசீடிவி பதிவு சில நாட்களில் தானாக அழிந்து, அதன் மேல் புதியது பதியப்படும். எனவே அன்றே பிரதி எடுப்பது அவசியம்.

மூன்றாவது, அன்று மாலைக்குள் சிங்களத்திலும் தமிழிலும் நான்கு வரி அறிவித்தல். இன்ன நேரம் முறைப்பாடு வந்தது, மாதிரி இன்னாரிடம் ஒப்படைக்கப்பட்டது, பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம் இது, முடிவு வந்ததும் அறிவிப்போம் என்பதே போதும். வதந்தியின் வாசகத்தைத் திரும்ப எழுதினால் அதையும் நாமே பரப்பியவராவோம். பரிசோதனைக்கு முன் "நிரூபிக்கப்பட்டது" என எழுதினால் அடுத்த அறிவித்தலையும் நம்பமாட்டார்கள். அறிவித்தல் முதலில் போக வேண்டியது, வீடியோ சுற்றும் அதே வட்ஸ்அப் குழுக்களுக்கும் பக்கத்துக் கடைக்காரர்களுக்குமே.

ஆனால் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டால் இவை எதுவும் உதவாது. அப்போது விளக்கம் சொல்ல நிற்காமல் 119 க்கு அழைத்து, ஊழியர்களைப் பின்வாசலால் அனுப்பிவிட வேண்டும். கடையைப் பிறகு திருத்திக்கொள்ளலாம்.