கல்யாண அட்டையில் ‘நாங்கள்’ யார், ‘நாம்’ யார்?

போன தை மாசம் எங்க டீமில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம். அவரையும் சேர்த்து நாங்க பதினோரு பேர். எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஒரு வாழ்த்து அட்டை கொடுப்பதாக முடிவாச்சு. வாசகம் எழுதுற வேலை என் தலையில் விழுந்தது. ஆங்கிலத்தில் யோசித்து, தமிழில் இப்படி எழுதினேன்:

“எங்கள் டீம் சார்பாக உனக்குத் திருமண வாழ்த்துகள். பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ ஆசீர்வதிக்கிறோம்.”

அச்சுக்குப் போகும் முன் டெஸ்டிங் அக்கா ஒருத்தர் படித்துவிட்டுக் கேட்டார்: “ஏனுங்க, ‘எங்கள் டீம்’னா, அப்ப அந்தப் புள்ள நம்ம டீம் இல்லீங்களா?”

சுருக்கென்று இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பெண் ஈரோட்டிலிருந்து வேலை பார்க்கப் போகிறார். தன்னை மெல்ல ஒதுக்கிவிடுவார்களோ என்று ஏற்கெனவே ஒரு கவலை அவருக்கு. அவர் கையில் போய்ச் சேரும் அட்டையின் முதல் சொல்லே அவரை வெளியே நிறுத்துகிறது.

காரணம் இலக்கணத்தில் இருக்கு. ஆங்கிலத்தில் ‘வீ’, ஹிந்தியில் ‘ஹம்’ என்று ஒரே சொல்தான். கேட்பவர் அதில் சேர்த்தியா இல்லையா என்பதைச் சூழலை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். தமிழில் இரண்டு சொல். கேட்பவரையும் சேர்த்தால் ‘நாம்’, அவரை விட்டுவிட்டால் ‘நாங்கள்’. தெலுங்கில் மனம், மேமு. மலையாளத்தில் நம்மள், ஞங்ஙள். ஆங்கிலத்தில் யோசித்து எழுதும்போது இந்தத் தேர்வு நம் கண்ணில் படுவதே இல்லை. கை தன்னால் ‘நாங்கள்’, ‘எங்கள்’ என்று எழுதிவிடும்.

அதற்காக எல்லாவற்றையும் ‘நாம்’ ஆக்கவும் முடியாது. “நாம் உங்களை வாழ்த்துகிறோம்” என்றால், கல்யாணப் பொண்ணு தன்னைத்தானே வாழ்த்திக்கொள்கிற மாதிரி ஆகிவிடும். நான் கண்டுபிடித்த சோதனை ரொம்ப எளிது: அந்தச் சொல் குறிக்கும் கூட்டத்தில் அவரும் நிற்கிறாரா? டீம், ஆபீஸ், மகிழ்ச்சி எல்லாம் அவருக்கும் சொந்தம், அதனால் ‘நம்’. வாழ்த்துவதும் கையெழுத்துப் போடுவதும் மற்றப் பத்துப் பேர், அதனால் ‘நாங்கள்’. ஒரே அட்டையில் இரண்டும் வரலாம், வரவும் வேண்டும்.

மாப்பிள்ளை நம்ம டீம் இல்லையே என்று ஒருவர் கேட்டார். நம்ம ஊரில் விருந்தாளியைக் கூப்பிடும்போது “நம்ம ஊட்டுக்கு ஒருக்கா வாங்க” என்றுதானே சொல்கிறோம்? வீடு நம்முடையது, ஆனால் அந்தச் சொல்லிலேயே அவருக்கும் பங்கு கொடுத்துவிடுகிறோம்.

அடுத்த சிக்கல் மரியாதை. மேனேஜர் அவரை ‘நீ’ என்பார், புதுசாகச் சேர்ந்த பையன் ‘அக்கா, நீங்க’ என்பான். பத்துப் பேர் சேர்ந்து எழுதும் அட்டையில் யார் குரலில் பேசுவது? இருவரையும் சேர்த்து விளித்துவிட்டால் தீர்ந்தது. ‘நீங்கள்’ அப்போது பன்மை, யாருக்கும் உறுத்தாது.

‘ஆசீர்வதிக்கிறோம்’ என்பதும் அந்த 22 வயதுப் பையன் வாயில் ஒட்டாது. பிளெக்ஸ் பேனர்காரர்கள் இதற்கென்றே “வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்” என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஆனால் எங்க டீமில் அவரைவிடப் பெரியவர்களும் உண்டு, சின்னவர்களும் உண்டு. அங்கே கைகொடுப்பது ‘வாழ்க’ என்கிற வியங்கோள். நான் வாழ்க, நீ வாழ்க, அவர்கள் வாழ்க: எந்த இடத்துக்கும் எந்தப் பாலுக்கும் வடிவம் மாறாது. பவணந்தி முனிவரின் நன்னூலும் இதைத்தான் சொல்கிறது. பெருந்துறை பக்கத்துச் சீனாபுரத்தை அவர் ஊராகச் சொல்வார்கள். ஆக, நம்ம பக்கத்து ஆள்!

‘பதினாறும் பெற்று’ என்பதையும் எடுத்துவிட்டேன். அது பதினாறு செல்வங்கள் என்றாலும், கேட்பவர் காதில் குழந்தை என்றுதான் விழுகிறது. அது அவர்கள் இருவரும் முடிவு செய்ய வேண்டியது, பத்துப் பேர் கையெழுத்துப் போட்டுக் கேட்பதல்ல.

கடைசியில் அட்டையில் போனது இது:

“நம்ம டீமில் ஒரு கல்யாணம்! இந்த மகிழ்ச்சி நம்ம பதினோரு பேருக்கும் சொந்தம். இனி மாப்பிள்ளையோடு பன்னிரண்டு. நீங்கள் இருவரும் ஆசைப்பட்டபடி வாழ்க. ஈரோட்டில் இருந்தாலும் காலை மீட்டிங்கில் உங்கள் குரல் கேட்க வேண்டும். ரெண்டு பேரும் நம்ம ஆபீசுக்கு ஒருக்கா வாங்க.
அன்புடன், நாங்கள் பத்துப் பேர்.”

கீழே கையெழுத்துகள், பதவி வரிசை இல்லாமல், அட்டை கைக்கு வந்த வரிசையில். பாலக்காட்டு நண்பர் மலையாளத்திலேயே போட்டார். முதல் வரியை வாசித்துக் காட்டியதும், ‘நம்ம’ ஏன் என்று அவருக்கு மட்டும் விளக்க வேண்டியிருக்கவில்லை.